வீட்டு வரி, குழாய்க் கட்டணம், மானியம்: டெல்டா ஊராட்சியை உண்மையில் தாங்குவது எது?

கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போது 'கணக்கு எண் 1', 'கணக்கு எண் 2' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். முதலாவது ஊராட்சியின் பொது நிதி. இரண்டாவது, மின்கட்டணமும் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்டவேண்டிய தொகையும் போவதற்கென்றே தனியாக வைத்திருப்பது. நம் டெல்டா ஊராட்சிகளில் பணப் பற்றாக்குறை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ள இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

பணம் வரும் பெரிய வழிகள் மூன்று. வீட்டுக்காரர் கட்டும் வரி, குழாய்க்குக் கட்டும் மாதக் கட்டணம், மேலேயிருந்து வரும் மானியம். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. தொகையை யார் முடிவு செய்கிறார்கள், எப்போது கைக்கு வருகிறது, எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொன்றிடமும் கேட்டால்தான் வித்தியாசம் புரியும்.

வீட்டு வரியை முதலில் பார்ப்போம். மூன்றில் இதுதான் சுதந்திரமான பணம். ஏப்ரல், அக்டோபர் என்று இரண்டு அரையாண்டாகக் கேட்பு, அதாவது கட்டச்சொல்லும் தொகை, விழும். வசூலானது கணக்கு 1-க்குப் போகும். தெருவிளக்கு மாற்றலாம், உடைந்த சிறுபாலத்தை ஒட்டலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. கூடவே வசூலிக்கும் நூலக வரி மட்டும், அதாவது ரூபாய்க்குப் பத்து காசு, நூலக ஆணைக்குழுவுக்குப் போய்விடும்.

இதன் குறை தொகையில் இருக்கிறது. பெரும்பாலான ஊராட்சிகளில் கூரை, ஓடு, மாடி என்று கட்டட வகையையும் தரைப்பரப்பையும் வைத்துத்தான் வரி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு வேதாரண்யம், பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டைப் பக்கம் எத்தனையோ கூரை வீடுகள் கான்கிரீட் வீடுகளாக மாறின. அவற்றில் எத்தனை வீடுகள் பதிவேட்டில் இன்னும் கூரை என்றே இருக்கின்றன என்பதை அந்தந்த ஊர்க்காரர்களே சரிபார்க்கலாம். கேட்பு, வசூல், நிலுவை மூன்றையும் காட்டும் பதிவேட்டை ஐந்து வருடத்துக்கு வாங்கிப் பாருங்கள். ஊரில் புது வீடுகள் எழும்பியும் கேட்புத் தொகை நகரவே இல்லை என்றால் கோளாறு மதிப்பீட்டில். கேட்பு ஏறியும் வசூல் பின்தங்கினால் கோளாறு வசூலில். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதலாவதை வைத்துக்கொண்டு வசூலுக்கு ஆள் அனுப்பிப் பயனில்லை. இப்போது vptax.tnrd.tn.gov.in தளத்தில் கட்ட வழி வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் பழைய மதிப்பீட்டை அப்படியே கணினியில் ஏற்றினால் கணினியும் பழைய தொகையைத்தான் கேட்கும்.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு, அது டெல்டாவுக்கே உரியது. இங்கே ஊரின் சொத்து வீட்டில் இல்லை, வயலில் இருக்கிறது. வயலுக்கு வீட்டு வரி கிடையாது. அதன் வழியாக உள்ளாட்சிக்கு வரக்கூடியது தலவரி. நிலத் தீர்வையில், அதாவது நிலவரியில், ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம் வருவாய்த்துறை வசூலித்துக் கொடுப்பது அது. நஞ்சைத் தீர்வையே மிகச் சொற்பம் என்பதால் அதன்மேல் ஏறும் தலவரியும் சொற்பம். அதுவும் தவறாமல் வருமா என்றால், இல்லை. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தபோது நிலவரி முழுதும் தள்ளுபடியானது. விவசாயிக்கு அது அவசியமான உதவி, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் தீர்வை போனால் அதைத் தொற்றி நிற்கும் தலவரியும் போகிறது. மேட்டூர் தண்ணீர் வராத வருடம் குளங்கள் நிரம்பாமல் மீன்பாசி ஏலமும் படுத்துவிடும். ஊருக்குச் செலவு அதிகமாகும் வருடத்தில்தான் ஊராட்சியின் சொந்த வரவும் சுருங்குகிறது.

கும்பகோணம் போன்ற ஊரின் நிலை வேறு. அங்கே கடைவீதி உண்டு, தங்கும் விடுதிகள் உண்டு. 2022-இல் நகர்ப்புறச் சொத்து வரியைச் சீரமைத்தபோது குடியிருப்புக்கு 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,800-க்கு மேல் 100 சதவீதம் என்று படிப்படியாக உயர்த்தினார்கள். வழிபாட்டுத் தலங்களுக்கு வரி விலக்கு இருப்பதால் கோயில் நகரத்தில் பெரிய பரப்பு வரிக்கு வெளியேதான் இருக்கிறது. என்றாலும் உயர்த்துவதற்கு ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்தில் அது இல்லை.

சரி, குழாய்க் கட்டணத்துக்கு வருவோம். தண்ணீர் எடுக்கிறவர் அதற்கான செலவைத் தருகிறார் என்பதுதான் கட்டணத்தின் நியாயம். அது நடக்கிறதா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொகைகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் ஊர் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

600 வீடுகள், 400 குழாய் இணைப்பு, மாதம் 30 ரூபாய். வருடத்துக்கு 1,44,000 ரூபாய் கேட்பு. இப்போது செலவு. 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ நாலரை யூனிட் இழுக்கும். தினம் 6 மணி நேரம் ஓடினால் 27 யூனிட், மாதம் 810 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் 6,480 ரூபாய். இரண்டு மோட்டாருக்கு வருடம் 1,55,520. தொட்டி இயக்குபவர் இருவருக்கு மாதம் 5,000 வீதம் 1,20,000. மோட்டார் எரிந்து காயில் கட்டுவது, குழாய் உடைப்பு, பிளீச்சிங் பவுடர் எல்லாம் சேர்த்து 30,000. ஆக 3,05,520 ரூபாய்.

ஒரு வீடுகூடப் பாக்கி வைக்காமல் கட்டினாலும் செலவில் பாதி வரவில்லை. மின்கட்டணத்துக்கே பத்தவில்லை. செலவுக்குச் சரியாக வரவேண்டுமானால் கட்டணம் மாதம் 64 ரூபாயாக இருக்க வேண்டும். நூற்றில் அறுபது பேர்தான் கட்டுகிறார்கள் என்றால், கட்டுகிற அறுபது பேர் தலையில் அது 106 ரூபாயாக விழும். வீட்டு வரியையும் சேர்த்தால்? வீட்டுக்குச் சராசரி 250 என்று வைத்து 1,50,000. வரி, கட்டணம் இரண்டும் முழுக்க வசூலானாலும் 2,94,000. தண்ணீர் ஒன்றுக்கே அது போதவில்லை. தெருவிளக்கு, குப்பை, சாலை எதையும் நாம் இன்னும் தொடவே இல்லை.

கடலோரத்தில் நிலைமை இன்னும் கடினம். நிலத்தடி நீர் உப்பு என்பதால் வேதாரண்யம் பக்கத்துக்குக் கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர் வருகிறது. அந்த ஊராட்சிகள் ஊருக்குள் விநியோகிக்கும் செலவோடு வாரியத்துக்கும் பணம் கட்டவேண்டும். நன்னீர் ஆழ்குழாய் வைத்திருக்கும் திருவையாற்றுப் பக்கத்து ஊருக்கு அந்தச் சுமை குறைவு.

கட்டணத்தை ஏற்றினால் தீருமா? ஓரளவுக்கு. தெருக்குழாயில் இலவசமாகத் தண்ணீர் வரும்போது வீட்டுக்குழாய்க்குப் பாக்கி வைப்பவரை எதுவும் நெருக்காது. இணைப்பைத் துண்டிக்கவேண்டிய தலைவரும் அதே தெருவில் இருப்பவர், பங்காளியாகவும் இருப்பார். அப்புறம், கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கும் மாடி வீட்டுக்காரருக்கும் ஒரே 30 ரூபாய் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மீட்டர் இல்லாத ஊரில் வீட்டு வகையை வைத்தாவது கட்டணத்தை இரண்டு படியாக்கலாம்.

ஆக, மீதியைச் சுமப்பது மானியம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிர்வது மாநில நிதி ஆணைய மானியத்தின் அடிப்படை. டெல்டா ஊராட்சியின் மோட்டார் ஓடுவது பெரும்பாலும் இதில்தான். கணக்கு 2 வழியாக மின்கட்டணம் போய்விடுவதால், குழாய்க் கட்டணம் குறைவாக இருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. கணக்கு 1-இல் குழாய்க் கட்டணம் வரவாக நிற்கும், அதற்கு எதிரான பெரிய செலவு வேறு கணக்கில் நிற்கும். தவணை தாமதமானால்தான் விஷயம் வெளியே வரும். மின்பாக்கி ஏறும், மற்ற வேலை நிற்கும்.

ஒன்றிய அரசின் நிதி ஆணைய மானியத்துக்கு வேறொரு கட்டு. 15ஆவது நிதி ஆணையக் காலத்தில், 2021 முதல் 2026 வரை, ஊரக மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டிருந்தது. மீதி 40 சதவீதத்திலும் சம்பளம் கொடுக்க முடியாது என்றிருந்தது. அந்த 40 சதவீதத்தில் தொட்டி கட்டலாம், தொட்டியை இயக்குபவருக்குச் சம்பளம் தரமுடியாது. புதுக் குழாய் பளபளவென்று இருந்தும் தண்ணீர் ஒழுங்காக வராத ஊர்களில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லையென்றால் அந்தப் பணமும் வராது. 2016 அக்டோபருக்குப் பிறகு 2019 டிசம்பர் வரை டெல்டாவில் ஊராட்சித் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் நிர்வகித்தபோது ஒன்றிய மானியம் நிறுத்தப்பட்டது. அந்த இடைவெளிக்குள்தான் கஜாவும் வந்தது.

மானியத்தைப் பிரிக்கும் முறையிலும் டெல்டாவுக்கு இழப்பு உண்டு. தலைக்கணக்குத்தான் முக்கிய அளவுகோல். 2021 கணக்கெடுப்பு நடக்காததால் 2011-இன் தலைக்கணக்கே தொடர்ந்தது. வாய்க்கால்களுக்கு இடையே நீள நீளமாகச் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள் நம்முடையவை. ஆயிரம் பேருக்கு இங்கே தேவைப்படும் சாலை, குழாய், விளக்குக் கம்பம், சிறுபாலம் எல்லாம் நெருக்கமாக ஒரே இடத்தில் இருக்கும் ஊரைவிட அதிகம். தலையை எண்ணும் சூத்திரத்துக்கு நீளம் தெரியாது.

மூன்றையும் ஒன்றாக வைத்தால் என் தீர்ப்பு இது. வீட்டு வரியைச் சரியாக மதிப்பிட வேண்டும், ஏனென்றால் கட்டில்லாத பணம் அது ஒன்றுதான். ஆனால் அது இரட்டிப்பானாலும் மேலே சொன்ன ஊருக்கு ஒன்றரை லட்சம்தான் கூடும். குழாய்க் கட்டணத்துக்கு மின்செலவை ஈடுகட்டுவது என்ற இலக்கு போதும், நம் கணக்கில் அது மாதம் 33 ரூபாய்க்குள் முடிகிறது. கூலியையும் பராமரிப்பையும் மாநில மானியம்தான் ஏற்கவேண்டும். அதைச் சலுகையாக நினைக்கத் தேவையில்லை. 2020-இல் சட்டம் போட்டு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கியது மாநில அரசு. எண்ணெய், எரிவாயு ஆய்வும் சில பெருந்தொழில்களும் புதிதாக வரக்கூடாது என்பது அந்தச் சட்டம், நாம் கேட்டுப் போராடிப் பெற்றது. நிலம் வயலாகவே இருக்கட்டும் என்பது மாநிலத்தின் முடிவு என்றால், வயல் வரி தராது என்பதையும் மாநிலத்தின் மானியச் சூத்திரம் கணக்கில் எடுக்கவேண்டும். அடுத்த மாநில நிதி ஆணையத்திடம் டெல்டா ஊராட்சிகள் சேர்ந்து வைக்கவேண்டிய கோரிக்கை, தலைக்கணக்கோடு நஞ்சைப் பரப்பையும் குக்கிராம எண்ணிக்கையையும் சேர்க்கச் சொல்வதுதான். அதற்கு முன் ஒவ்வொரு ஊரும் தன் மோட்டாரின் யூனிட் கணக்கையும் குழாய்க் கேட்பையும் ஒரே தாளில் எழுதிக் கிராம சபைத் தீர்மானத்தோடு இணைக்கலாம்.