டக்டிலா, சுவரிலா: நுவரெலியா மண்டபமொன்றில் காபனீரொட்சைட்டு உணரியின் இடம்

நானூறு இருக்கைகள் கொண்ட எங்கள் நுவரெலியாக் கேட்போர்கூடத்தில், வந்திருக்கும் ஆட்களுக்கேற்ப வெளிக்காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டைச் செய்தபோது, நீண்ட நேரம் விவாதித்தது, ஆட்கள் மூச்சில் விடும் காபனீரொட்சைட்டை அளந்து எவ்வளவு காற்று வேண்டும் என்று சொல்லும் உணரியின் இடத்தைப் பற்றித்தான். மண்டபத்துக் காற்றைத் திரும்ப இழுக்கும் டக்டினுள் ஓர் உணரியை வைப்பது ஒரு வழி. இருக்கைகளை ஒட்டிய சுவர்களில் மூன்றை வைப்பது மற்றைய வழி. நாங்கள் சுவரைத் தேர்ந்தெடுத்தோம். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டக்ட் உணரியின் நன்மைகள் வெளிப்படையானவை. ஒன்றே போதும், வயர் இழுக்கும் வேலை குறைவு, யாரும் கைவைக்க மாட்டார்கள், மண்டபம் முழுவதன் சராசரியும் ஓரளவு கிடைக்கும். குளிரூட்டப்படும் கொழும்பு மண்டபமொன்றுக்கு நானும் இதற்கு எதிர்ப்புச் சொல்ல மாட்டேன்; சீலிங்கிலிருந்து வரும் குளிர்காற்று கீழே இறங்கி நன்றாகக் கலப்பதால், திரும்பிச் செல்லும் காற்றும் ஆட்கள் சுவாசிக்கும் காற்றும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

மலையகத்தில் நிலைமை வேறு. இங்கே வெளிக்காற்றைச் சூடாக்கி உள்ளே விடுகிறோம், சூடான காற்றோ மேலேயே தங்கிவிடுகிறது. காற்று வரும் வாயும் திரும்பும் வாயும் சீலிங்கில் இருந்தால், புதுக்காற்றின் ஒரு பகுதி ஆட்களைத் தொடாமலே டக்டுக்குத் திரும்பிவிடும். அறை வெப்பநிலையை விட 8 பாகையோ அதற்கு மேலோ சூடான காற்றைச் சீலிங்கிலிருந்து விட்டு, சீலிங்கிலேயே திரும்ப எடுக்கும் அமைப்புக்கு, காற்றோட்டத்துக்கான அமெரிக்க நியமமான ஆஷ்ரே 62.1, புதுக்காற்று ஆட்களை எவ்வளவு நன்றாக எட்டுகிறது என்பதைக் குறிக்கும் பங்கீட்டுத் திறனாக 0.8ஐயே தருகிறது. குளிர்காற்றுக்கு அது 1.0. டக்டிலுள்ள உணரி அந்தத் தப்பிய புதுக்காற்றையும் சேர்த்து அளந்து, இருக்கைகளில் உள்ளதை விடக் குறைந்த எண்ணைக் காட்டும்.

இருப்பினும் முடிவைத் தீர்மானித்தது இதுவன்று, பராமரிப்பு. இந்த உணரிகள் செந்நிறக்கீழ்க் கதிரை ஒரு சிறு குழியினூடாகச் செலுத்தி, அதில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கின்றன. அதாவது அவை எண்ணுவது குழிக்குள் இருக்கும் மூலக்கூறுகளை. கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் ஏறக்குறைய 81 கிலோபாஸ்கல், கடல்மட்டத்தில் 101. எனவே கடல்மட்டத்துக்கு அளவுதிருத்தப்பட்ட உணரி இங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். உண்மையில் 420 பிபிஎம், அதாவது பத்து இலட்சத்தில் 420 பங்கு, உள்ள வெளிக்காற்றை அது 335 என்றும், உண்மையான 1250ஐ 1000 என்றும் சொல்லும். பெரும்பாலான நல்ல உணரிகளில் உயரத்தையோ அமுக்கத்தையோ பதிக்க இடம் உண்டு, ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டும்போது அது பெரும்பாலும் கடல்மட்டத்துக்கே அமைந்திருக்கும்.

இந்தப் பிழையை மறைக்கும் இன்னொன்றும் உண்டு. மெனுவில் `ABC` என்று தெரியும் தானியங்கி அடிநிலைத் திருத்தம், சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு, அதை 400க்கு நகர்த்திவிடுகிறது. இரவில் வெறுமையாகும் மண்டபத்துக்கு இது பொருத்தமான வசதிதான். ஆனால் உயரம் பதிக்கப்படாத உணரியில், 335 என்ற அளவு 400 ஆகிவிடுவதால் வெறும் மண்டபத்தில் எல்லாம் சரியாகவே தோன்றும். சில உணரிகள் எல்லா அளவுகளுடனும் அதே 65ஐ மட்டும் கூட்டுகின்றன. அவற்றில் நிறைந்த மண்டபத்தின் 1250, 1065 என்றுதான் தெரியும். ஆகவே காலையில் வெளியே கொண்டுபோய்ப் பார்க்கும் சோதனை மட்டும் போதாது. ஆட்கள் நிறைந்திருக்கும்போதும் பார்க்க வேண்டும்.

சுவர் உணரி வெல்வது இந்த இடத்தில்தான். பரிசளிப்பு விழாவின் நடுவே, 81 கிலோபாஸ்கல் பதித்த கையடக்க மானியை உணரிக்கு அருகே சில நிமிடம் பிடித்து இரண்டையும் ஒப்பிடலாம். வித்தியாசம் 75 பிபிஎம்மைத் தாண்டினால் அது உணரியின் பிழை. டக்ட் உணரியை அப்படிச் சோதிக்க ஏணியும் சீலிங் திறப்பும் வேண்டும். கீழே நின்று ஒப்பிட்டாலோ, காணும் வித்தியாசம் உணரியின் பிழையா, காற்று சரியாகக் கலக்காததன் விளைவா என்று பிரித்தறிய முடியாது. விசிறி நின்றிருக்கும்போது டக்டில் தேங்கிய காற்றைத்தான் அது படிக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த அளவில் காற்றைக் கூட்டுவது என்ற அமைவுப் புள்ளிகளுக்கு எங்கள் மண்டபத்தையே கணக்காக எடுக்கிறேன். விசிறியின் முழு அளவு செக்கனுக்கு 3000 லீற்றர், ஓர் ஆளுக்கு 7.5. ஆட்கள் இல்லாதபோதும் கட்டடத்தின் மணத்துக்காகவும் ஈரத்துக்காகவும் 300 லீற்றரை விடுகிறோம். இதை ஒருபோதும் பூச்சியமாக்கக் கூடாது. காட்டும் அளவு 600ஐத் தாண்டும்போது, வெளிக்காற்றைக் கட்டுப்படுத்தும் மடலான டாம்பர் மெல்லத் திறக்கத் தொடங்கி 1100இல் முழுமையாகத் திறக்கும். 1000இல் ஒரேயடியாகத் திறந்து மூடும் முறையை நான் விரும்பவில்லை. நானூறு பேர் உட்கார்ந்தால், எங்கள் மண்டபத்தின் கனவளவில், காற்றோட்டமே இல்லாதபோது அளவு நிமிடத்துக்கு அறுபது பிபிஎம்முக்கு மேல் ஏறும். திறந்து மூடும் டாம்பர் அதைத் துரத்திக்கொண்டே இருக்கும், முன்வரிசையினருக்குக் குளிர்காற்று விட்டுவிட்டு அடிக்கும்.

120 பேர் வரும் பேச்சுப்போட்டி ஒன்றில் அளவு 850 அளவில் நின்று, விசிறி ஏறத்தாழ 1700 லீற்றரில் ஓடும். வெளியே 12 பாகை, உள்ளே 20 என்றால் முழு வேகத்தில் வரும் காற்றைச் சூடாக்க 24 கிலோவாற்று வேண்டும். 1700 லீற்றருக்கு 13 போதும். அதில் 9 அளவை ஆட்களின் உடல் வெப்பமே தந்துவிடும். சுவர்களின் வெப்ப இழப்பைச் சேர்க்காமல் பார்த்தால் வெப்பமாக்கியின் பங்கு 15இலிருந்து 4 ஆகக் குறைகிறது. மண்டபம் நிறைந்த நாளில் விசிறி முழுமையாக ஓடியும் அளவு 1250இல்தான் நிலைகொள்ளும், அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். உயரம் பதிக்காத உணரி இருந்திருந்தால் அன்றைக்கு 1050ஐக் காட்டிக்கொண்டு விசிறியை முழு வேகத்துக்கு விடாமல் வைத்திருக்கும். உண்மை அளவோ 1320 அளவில் இருக்கும்.

இடத்தைப் பொறுத்தவரை, தரையிலிருந்து 0.9 முதல் 1.8 மீற்றர் உயரத்துக்குள் வைக்க வேண்டும். சரிவான தரையில் அந்த வரிசையின் தரையிலிருந்தே அளக்க வேண்டும். முன், நடு, பின் என மூன்று வைத்து, மூன்றில் மிகக் கூடியதைக் கட்டுப்பாட்டுக்கு எடுத்தோம். சராசரி எடுத்தால் முன்வரிசைகளில் கூடியிருக்கும் பிள்ளைகளின் காற்றை வெறுமையான பின்வரிசைகள் மறைத்துவிடும். கதவு, ஜன்னல், காற்று வரும் வாய் ஆகியவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், யாரும் நேராக மூச்சுவிடும் இடமும் வேண்டாம். வெளிச்சுவரைத் தவிர்ப்பது நல்லது. முடியாவிட்டால் பின்னால் வரும் வயர்க் குழாயை அடைப்புப் பசையால் அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் மூடுபனிக் காற்று அதன் வழியே உள்ளே புகுந்து, நிறைந்த மண்டபத்திலும் 500ஐக் காட்டவைக்கும்.

பால்கனி உள்ள மண்டபத்தில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. அங்கே சூடான காற்றும் ஆட்களும் ஒரே உயரத்தில் இருப்பதால் மேலே தனி உணரி ஒன்று வேண்டும் என்றே எண்ணுகிறேன். இருக்கைகளுக்கு அடியிலிருந்து காற்று விடும் மண்டபமென்றால் புதுக்காற்று ஆட்களைக் கடந்துதான் மேலே செல்லும்; அதில் டக்ட் உணரி தவறினாலும் கூடுதலாகக் காட்டும் பக்கமே தவறும் என்பதால், ஏணி ஏறிச் சோதிக்க ஆளிருந்தால் அதை ஏற்கலாம்.