சுங்கை சிப்புட்டில் அப்பாவுக்குக் கார் பார்த்த கதை

மெல்பர்னிலிருந்து மூன்று வார விடுமுறையில் மலேசியாவின் சுங்கை சிப்புட் போயிருந்தேன். அப்பாவின் பழைய கார் ஓய்ந்துவிட்டது. புதிதுக்கு இரண்டு மாடல்கள் மிஞ்சின. விலை ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே சர்வீஸ் செலவை வைத்து முடிவெடுப்போம் என்று இரண்டு சர்வீஸ் சென்டருக்கும் போய் விசாரித்தேன்.

முதல் கார், சாதாரண சர்வீஸ் ஒன்றுக்கு 230 வெள்ளி. 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம். இரண்டாவது 340 வெள்ளி. 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம். எது முந்துகிறதோ அதுதான் கெடு. அப்பா 230-ஐக் கேட்டதுமே முதல் கார் போதும் என்றார்.

நான் பழைய காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த சர்வீஸ் ஸ்டிக்கர்களைப் பார்த்தேன். ஆண்டுக்கு 7,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அப்படியானால் 10,000 என்ற எண் அவருக்கு வரவே வராது. மாதக் கணக்குதான் அவரைப் பிடிக்கும். கிலோமீட்டர் ஆகவில்லையே என்று மாதத்தைத் தவறவிட்டால் வாரண்டி கேட்கும்போது தகராறு வரும். முதல் காருக்கு ஆண்டுக்கு இரண்டு சர்வீஸ், இரண்டாவதுக்கு ஒன்று. அதோடு முதல் காருக்கு 24-வது மாதமே பெரிய சர்வீஸ்: கியர் எண்ணெய், பிரேக் எண்ணெய் எல்லாம் மாற்ற 620 வெள்ளி. இரண்டாவதுக்கு அது 48-வது மாதத்தில். இரண்டு ஆண்டுக்கு முதல் கார் 1,310 வெள்ளி, இரண்டாவது வெறும் 680. "பாத்தீங்களாப்பா?" என்றேன், பெருமையாக.

அன்றிரவு இரண்டு கையேடுகளையும் முழுக்கப் படித்தேன். கடைசிப் பக்கங்களில் கடுமையான பயன்பாட்டுக்குத் தனி அட்டவணை இருந்தது. தூசிச் சாலை, எஞ்சின் சூடாகும் முன்பே முடிந்துவிடும் குறுகிய ஓட்டம் இரண்டும் அதில் சேர்த்தி. அப்பா தினமும் காலை பழைய தோட்டத்துக்கு மாடு பார்க்கப் போகிறார். செம்பனைக்கு நடுவே செம்மண் சாலை, மொத்தமே ஐந்து கிலோமீட்டர். வாரம் ஒருமுறை ஈப்போ போவதுதான் நீண்ட ஓட்டம். எஞ்சின் சூடாகாவிட்டால் எரியாத பெட்ரோலும் ஈரமும் எஞ்சினின் கருப்பு எண்ணெயில் தங்கிவிடும். ஏர் பில்டரோ செம்மண்ணால் அடைத்துக்கொள்ளும். பழைய காரில் அதைக் கழற்றித் தட்டியபோது கொட்டிய மண்ணை நானே பார்த்தேன்.

அந்த அட்டவணைப்படி இரண்டாவது காரின் கெடு பாதியாகி 6 மாதம் ஆகிறது. இரண்டு ஆண்டில் நான்கு சர்வீஸ், 1,360 வெள்ளி. முதல் காருக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம். ஆறு மாதத்தில் அப்பா 3,500-ஐத் தாண்டுவதில்லை, ஆகவே அதே 1,310 வெள்ளி. ஏர் பில்டரை நடுவில் மாற்ற நேர்ந்தால் இரண்டுக்கும்தான் செலவு.

இரண்டாவது காரின் பெரிய சர்வீஸ் தள்ளிப்போனாலும் நான்கு ஆண்டுக் கணக்கிலும் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் முதல் காரின் சென்டர் சுங்கை சிப்புட்டிலேயே இருக்கிறது. மற்றதற்கு ஈப்போ போய்க் காத்திருக்க வேண்டும். அப்பாவுக்கு வயது 71. முதல் காருக்கே முன்பணம் கட்டினோம். அடுத்த சர்வீஸ் தேதியை அவர் கைப்பேசியிலும் என்னுடையதிலும் குறித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.