கைபேசித் திரையில் அழைப்பிதழ்: அட்டையின் படமா, வடிவமைத்த படமா, எழுத்துச் செய்தியா?

எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் ஒரு நூல் வெளியீட்டுக்கோ ஆலய நிகழ்வுக்கோ அழைப்பிதழ் இப்போது கைக்கு வருவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. ஊர்க் குழுக்களுக்காகப் பல வருடங்களாக அழைப்பிதழ் எழுதிக்கொடுப்பவன் என்ற முறையில், ஒரே நிகழ்வை மூன்று வடிவங்களில் அனுப்பி, எதைப் பார்த்தவர்கள் நாளையும் நேரத்தையும் இடத்தையும் திரும்பக் கேட்காமல் வந்து சேர்ந்தார்கள் என்று கவனித்து வந்திருக்கிறேன். அந்த மூன்றையும் இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். எடுத்துக்காட்டு நிகழ்வு களுவாஞ்சிகுடியில் நடைபெறும் ஒரு நூல் வெளியீடு; மண்டபத்தையும் அதன் அடையாளத்தையும் விளக்கத்துக்காக நானே அமைத்துக்கொண்டேன்.

முதலாவது, அச்சிட்ட அட்டையை அப்படியே படமெடுத்து அனுப்புவது. அந்த அட்டையின் உள்பக்கம் பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: "பேரன்புடையீர், நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் ஆடித் திங்கள் 24ஆம் நாள் (09.08.2025) சனிக்கிழமை பிற்பகல் 3.30 மணியளவில் மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேசப் பொது மண்டபத்தில்…" கையில் பிடித்து வாசிக்கும்போது இதில் ஒரு குறையும் இல்லை. வாசிப்பவர் நின்று, மெதுவாக, பெரியவர்களின் பெயர்களையும் பார்த்து, ஒழுங்காகக் கீழே வருவார். திரையில் நடப்பது வேறு. விரித்த அட்டை இரண்டு ஏ5 பக்கங்களைப் பக்கம் பக்கமாகக் கொண்டது. அதன் அகலம் ஏறத்தாழ 296 மில்லிமீற்றர். சாதாரணக் கைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் 68 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். ஆகவே அட்டை காற்பங்கிலும் குறைவாகச் சுருங்குகிறது. 12 புள்ளி அளவில் அச்சிட்ட எழுத்து 3 புள்ளிக்கும் கீழே போகிறது. ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்தாலும் அது ஐந்தரைப் புள்ளிதான். வாட்ஸ்அப் படத்தை அமுக்கி அனுப்புவதால் மெய்யெழுத்தின் புள்ளியும் 3, 8 போன்ற இலக்கங்களின் வளைவுகளும் முதலில் மங்குகின்றன. விரல்களால் பெரிதாக்கி வாசிக்கலாம் என்பார்கள். பெரிதாக்கியவுடன் நாள் ஒரு மூலையிலும் இடம் மறு மூலையிலும் போய்விடுவதால், இரண்டையும் ஒரே பார்வையில் காணும் வாய்ப்பு அங்கே இல்லை.

அளவை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. வாசகத்திலும் தடைகள் உண்டு. "09.08.2025" என்பதை நாங்கள் ஆகஸ்ட் 9 என்றே வாசிப்போம். கனடாவில் இருந்து விடுமுறையில் வரும் உறவினர் அதைச் செப்டெம்பர் 8 என்று வாசிக்கக்கூடும். பக்கத்தில் "சனிக்கிழமை" என்று இருந்தால் அந்தத் தவறு பிடிபடும், ஏனெனில் 2025 செப்டெம்பர் 8 திங்கட்கிழமை. அதனால்தான் மாதத்தைப் பெயரால் எழுதுவதையும் கிழமையைச் சேர்ப்பதையும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. "எதிர்வரும் சனிக்கிழமை" என்பது இதைவிட மோசம். செய்தி எப்போது எழுதப்பட்டது என்று தெரியாத ஒருவருக்கு, நான்கு கை மாறி வந்த அந்தச் சொல் எந்தச் சனிக்கிழமையையும் குறிக்கலாம்.

இடத்தின் பெயரே எங்கள் மாவட்டத்தில் பெரிய சிக்கல். மண்முனை தென் எருவில் பற்று என்பது நிருவாகப் பெயர். ஊர்ச்சனம் சொல்வது களுவாஞ்சிகுடி. அதேபோல மண்முனை மேற்கு என்றால் வவுணதீவு, போரதீவுப்பற்று என்றால் வெல்லாவெளி, கோறளைப்பற்று என்றால் வாழைச்சேனை. அம்பாறை மாவட்டத்திலிருந்தோ வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையின் வேறு மூலையிலிருந்தோ வருபவருக்கு அந்த நீண்ட பெயரைப் பார்த்து எந்தப் பேருந்தில் ஏறுவது என்று தெரியாது. அலுவலகப் பெயர் மதிப்புக்குரியது, அது கீழே ஒரு வரியில் வரட்டும். ஊர்ப் பெயர்தான் முதலில் வரவேண்டும். "பிள்ளையார் ஆலய முன்றல்" என்றோ "சரஸ்வதி வித்தியாலயம்" என்றோ மட்டும் எழுதுவதும் அதே தவறுதான். அந்தப் பெயர்கள் ஊருக்கு ஊர் உள்ளன; வரைபடத்தில் தேடினால் வேறு ஊரின் வாசலில் கொண்டுபோய் விடும்.

இரண்டாவது, திரைக்கென்றே வடிவமைத்த படம். இது அட்டையின் படத்தைவிட நிச்சயமாக மேலானது, ஆனால் யார் வடிவமைக்கிறார் என்பதைப் பொறுத்தது. எங்கள் ஊர்ப் படங்களில் மேல் பாதியை நூலாசிரியரின் முகமும் நூலின் அட்டையும் எடுத்துக்கொள்ளும். நடுவில் பிரதம அதிதி, சிறப்பு அதிதி, கௌரவ அதிதி ஆகியோரின் பெயர்கள் பட்டங்களோடு வரும். நாளும் இடமும் அடியில், கோலக்கரைக்கு மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும். உயரமான படத்தை வாட்ஸ்அப் உரையாடலில் மேலும் கீழும் வெட்டியே காட்டுகிறது. தட்டித் திறந்தால்தான் முழுப்படமும் தெரியும். ஆகவே திறக்காதவர் கண்ணில் முகம் மட்டுமே படுகிறது, நாள் படுவதில்லை. 1080 படப்புள்ளி அகலமுள்ள படம் 68 மில்லிமீற்றர் திரையில் தோன்றும்போது, நாளுக்கும் நேரத்துக்கும் ஏறத்தாழ 90 படப்புள்ளி அளவுள்ள எழுத்து தேவை. அது தாளில் 16 புள்ளி எழுத்துக்குச் சமம். 50க்குக் கீழே போனால் கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாதவர்கள் பலர். இந்த அளவை வைத்துக்கொண்டால் பத்துப் பெயர்களுக்கு இடம் போதாது என்று வடிவமைப்பவர் சொல்வார். அவர் சொல்வது உண்மை. அதிதிகளின் பெயர்களை இரண்டாவது படத்துக்கு மாற்றுவதே அதற்கு வழி. அவர்களுக்குரிய மரியாதை குறையாது, ஏனெனில் அந்தப் படம் முழுவதும் அவர்களுக்கே.

படத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அதற்குள் இருக்கும் சொல்லைத் தேடிப்பிடிக்க முடியாது, எழுத்தைப்போல நேரடியாகப் பிரதி எடுக்க முடியாது, வரைபடத்துக்கான இணைப்பைத் தட்டவும் முடியாது. தானாகப் பதிவிறங்குவதை நிறுத்தி வைத்திருப்பவரின் கைபேசியில் அது மங்கிய கட்டமாகவே கிடக்கும்.

மூன்றாவது, எழுத்துச் செய்தி. நிகழ்வை அறிவிக்கும் வேலைக்கு நான் தேர்ந்தெடுப்பது இதையே. ஆனால் அட்டையின் வாசகத்தை அப்படியே ஒட்டினால் பயன் இல்லை. பூட்டிய திரையில் வரும் அறிவிப்பிலும் உரையாடல் பட்டியலிலும் செய்தியின் தொடக்கம் மட்டுமே தெரிகிறது. அங்கே தெரிவது "பேரன்புடையீர், வணக்கம்" என்பதானால் அந்த முதல் இடம் வீணாகிவிட்டது. வணக்கத்தை நான் நீக்கச் சொல்லவில்லை. அதை நான்கு வரி தள்ளி வைக்கச் சொல்கிறேன்:

```
*நூல் வெளியீடு: ஆகஸ்ட் 9, சனி*
*பிற்பகல் 3.30 முதல் 5.45 வரை*
*களுவாஞ்சிகுடி* பொது மண்டபம்
பிரதான வீதி, தபாலகத்துக்கு எதிரே

பேரன்புடையீர், வணக்கம்…
```

உடுக்குறிகள் வாட்ஸ்அப்பில் எழுத்தைத் தடிப்பாக்கும். சொல்லுக்கும் குறிக்கும் இடையே வெளி விடக்கூடாது. ஒரு வரியில் தொடங்கிய குறியை அதே வரியில் மூட வேண்டும். ஒவ்வொரு வரியும் திரையில் மடியாமல் நிற்கும் அளவுக்குக் குறுகியதாக இருப்பது முக்கியம், ஏனெனில் "பிற்பகல்" ஒரு வரியிலும் "3.30" அடுத்த வரியிலும் பிரிந்தால் கண் மீண்டும் தேடத் தொடங்கும். "மணியளவில்" என்பதை எடுத்துவிட்டேன். அந்தச் சொல்லைப் பார்த்தவர்கள் நான்கு மணி கடந்துதான் புறப்படுகிறார்கள். முடியும் நேரத்தைச் சேர்த்தது வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து வருபவர்களுக்காக. திரும்பிப் போகும் பேருந்தை நினைத்துத்தான் அவர்கள் வருவதா இல்லையா என்று முடிவு செய்கிறார்கள். பன்னிரண்டரைக்கு நிகழ்வு என்றால் "பி.ப. 12.30" என்பதைவிட "நண்பகல் 12.30" என்று எழுதுங்கள், முன்னதைப் பார்த்து நள்ளிரவா என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் ஒரு கணம் தயங்குவார்கள்.

அச்சகத்திலிருந்து வாசகத்தைப் பெறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சுச் செய்கிறார்கள். அந்தக் கோப்பிலிருந்து பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் "அழைப்பிதழ்" என்ற சொல் `miog;gpjo;` என்று போய்ச் சேரும். ஒருங்குறிக்கு மாற்றிய பிறகு, குறிப்பாக இலக்கங்களையும் ஊர்ப் பெயரையும், மூல அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அனுப்ப வேண்டும்.

எழுத்துச் செய்திக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. அதை நான் மதிக்கிறேன். "இப்படி எழுதினால் அழைத்த மாதிரி இல்லையே, அறிவித்தல் மாதிரி இருக்கிறதே" என்று எங்கள் குழுவின் மூத்த ஆசிரியர் ஒருவர் சொன்னார். அவர் சொன்னது சரி. வீட்டுக்குப் போய் அட்டை கொடுத்து அழைக்க வேண்டியவர்களுக்கு எந்தச் செய்தியும் ஈடாகாது. ஆகவே நான் இரண்டையும் சேர்த்தே அனுப்புகிறேன்: முதலில் எழுத்துச் செய்தி தனியாக, அடுத்து படம். படத்தின் கீழே விளக்கமாக எழுதினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. படத்தைச் சேமித்து முகநூலிலோ தன் நிலைத்தகவலிலோ போடுபவரிடம் அந்த விளக்கம் சேர்ந்து போவதில்லை. எனவே படமும் நாள், நேரம், இடம் மூன்றையும் தன்னுள் முழுமையாகக் கொண்டிருக்க வேண்டும். எழுத்தும் படத்தை நம்பி நிற்கக்கூடாது. வரைபட இணைப்பைத் தனி வரியில் இடுங்கள்; அதைப் பெயரால் தேடி எடுக்காமல், மண்டபத்தின் வாசலில் நின்று எடுங்கள்.

சரிபார்ப்பதற்கு நான் செய்வது எளிது. குழுவில் இடுவதற்கு முன், நிகழ்வைப் பற்றித் தெரியாத ஒருவருக்கு, பெரும்பாலும் என் அக்காவுக்கு, அனுப்பிவிட்டு, திறக்காமல் பூட்டிய திரையிலேயே வாசிக்கச் சொல்வேன். "எண்டைக்கு, எத்தின மணிக்கு, எங்க?" என்ற மூன்றில் எதற்கு அவர் தயங்குகிறாரோ அந்த வரியைத்தான் திருத்துவேன்.

நேரம் மாறும்போதுதான் மூன்று வடிவங்களின் வேறுபாடும் மிகத் தெளிவாகத் தெரிகிறது. அட்டையின் படமும் வடிவமைத்த படமும் பிறர் கைக்கு மாறிச் சென்ற பின் திரும்ப அழைக்க முடியாதவை. பழைய படம் நிகழ்வு நாள் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். எழுத்துச் செய்தியை அனுப்பிய 15 நிமிடங்களுக்குள் திருத்தலாம், ஆனால் அதற்குள் பிறர் முன்னனுப்பிய பிரதிகள் திருந்துவதில்லை. ஆகவே "நேரம் 4.00க்கு மாற்றப்பட்டுள்ளது" என்று மட்டும் எழுதாமல், "நேர மாற்றம்" என்று தொடங்கி, பழைய நேரத்தையும் புதிய நேரத்தையும், அதோடு நாளையும் இடத்தையும் முழுமையாக மீண்டும் எழுதி, புதிய செய்தியாகவே அனுப்ப வேண்டும்.