கந்தோர் மாலைக்கு ஒரே ஒரு படம்: நான்கில் எதைப் போடலாம்?

நல்ல படம் எது என்ற கேள்வியோடு தொடங்கினால் இந்த வேலை முடியவே முடியாது. கொழும்புக் கந்தோர் ஒன்றில் ஐம்பது வயது தாண்டிய கணக்காளர் இருப்பார், போன மாதம் சேர்ந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை இருப்பாள், தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், நீர்கொழும்பிலிருந்து ரயிலில் வரும் கத்தோலிக்கர் என்று எல்லோரும் இருப்பார்கள். இவர்கள் ஒரே வரிசையில், பக்கத்தில் மேலாளரும் இருக்க, ஒரு படம் பார்க்கப் போகிறார்கள். ஆகவே நான் முதலில் கேட்பது படத்தின் சிறந்த காட்சியைப் பற்றி அல்ல, அதில் உள்ள ஆகச் சங்கடமான நிமிடம் எது, அந்த நிமிடத்தில் யார் தலையைக் குனிவார் என்பதைத்தான். அதை அடிப்படையாக வைத்து, இப்படியான மாலைகளுக்கு அடிக்கடி பேரில் வரும் இரண்டு படங்களையும், பேரில் வராத ஆனால் வர வேண்டிய இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வாக்கெடுப்பு வைத்தால் பெரும்பாலும் வெல்லப் போவது 3 இடியட்ஸ் (2009). ஏன் என்றும் விளங்குகிறது. சிங்கள நண்பர்கள் ஹிந்திப் படத்துக்குப் பழகியவர்கள், முஸ்லிம் வீடுகளிலும் ஹிந்திப் பாட்டு ஓடும், தமிழ் ஆட்கள் அதன் தமிழ் வடிவமான நண்பனைப் (2012) பார்த்திருப்பார்கள், எல்லோருக்கும் சிரித்த நினைவுதான் மிச்சம். ஆனால் திரும்ப ஒருமுறை, கூட வேலை செய்யும் பெண்கள் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பாருங்கள். ஆசிரியர் தின மேடையில் சதுர் என்ற மாணவன் பேசும் அந்தப் பேச்சு முழுவதும் ஒரு சொல்லை மாற்றி வைத்து பாலியல் வல்லுறவைப் பகிடியாக்குவதில்தான் நிற்கிறது. அது ஒரு வரியில் கடந்து போகும் பகிடி இல்லை, நிமிடக் கணக்கில் நீள்கிறது, மண்டபம் முழுக்கச் சிரிக்கிறது. நண்பனிலும் அதே காட்சி தமிழில் அப்படியே வருகிறது, தமிழில் கேட்கும்போது இன்னும் கடினம்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது விடுதிக் காட்சி. புதிய மாணவர்களை உள்ளாடையோடு வரிசையில் நிறுத்தும் பகிடிவதை அங்கே நகைச்சுவையாக வருகிறது. இந்தியாவில் அது எப்படி எடுக்கப்படுகிறதோ, இலங்கையில் பகிடிவதை என்றால் கம்பஸ் போன எவருக்கும் நேரே தெரிந்த விஷயம். அதைத் தடுக்க 1998இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டிய அளவுக்குப் போன நாடு இது. உங்கள் அணியில் பேராதனையிலோ மொறட்டுவையிலோ படித்தவர்கள் நாலு பேர் இருந்தால், அவர்களில் ஒருவர் அந்த வரிசையில் நின்றவராக இருக்கலாம், அதைக் கந்தோரில் யாருக்கும் சொல்லியிருக்கவும் மாட்டார். அதற்கு மேல் ஒரு மாணவன் தூக்கில் தொங்குவது காட்டப்படுகிறது, இன்னொருவன் ஜன்னலால் குதிக்கிறான். வீட்டில் ஒரு தற்கொலையைக் கண்டவருக்கு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, தட்டில் ரோல்ஸ் இருக்கும்போது, இதைக் காட்டுவது சரியில்லை. படம் இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல், நண்பன் மூன்று மணி நேரத்தையும் தாண்டும். நல்ல படம்தான், வீட்டில் பாருங்கள். கந்தோருக்கு வேண்டாம் என்பதுதான் என்னுடைய பதில்.

இங்கிலீஷ் விங்கிலீஷ் (2012) இதற்கு நேர் எதிர்ப்பக்கம். கௌரி ஷிண்டே இயக்கியது, ஸ்ரீதேவி நடித்தது, இரண்டே கால் மணி நேரம். லட்டு செய்து விற்கும் ஒரு குடும்பப் பெண், ஆங்கிலம் தெரியாததால் கணவனும் மகளும் சிரிக்கிறார்கள், நியூயோர்க்கில் கல்யாண வேலைக்குப் போன இடத்தில் நாலு வாரத்து ஆங்கில வகுப்பில் சேர்கிறாள். வன்முறை இல்லை, ஆபாசம் இல்லை. வகுப்பில் ஒரு பிரெஞ்சுச் சமையல்காரர் அவள்மேல் விருப்பம் கொள்கிறார், அது கண்ணியமாகவே கையாளப்படுகிறது. ஆசிரியர் ஓரினச் சேர்க்கையாளர், அதைப் பற்றி வகுப்பில் சிலர் சிரிக்கும்போது கதாநாயகி அவர் பக்கம் நின்று பேசுகிறாள். மூத்தவர்கள் ஒருவர் இருவர் அசைந்து உட்காரலாம், ஆனால் யாரையும் இழிவுபடுத்தும் காட்சி அல்ல, ஆகவே அதை ஒரு தடையாக நான் எடுக்க மாட்டேன்.

இந்தப் படத்தில் கவனிக்க வேண்டிய நிமிடம் வேறு. கோப்பிக் கடையில் அவள் வாங்க வேண்டியதைச் சொல்லத் தெரியாமல் திணறி, வரிசையில் நிற்பவர்கள் முன்னால் அவமானப்பட்டு வெளியே ஓடும் காட்சி. கொழும்புக் கந்தோரில் ஆங்கிலம் யார் பேசுவார், யார் பேச மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த, எவரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். கூட்டங்களில் வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் பிறகு தனியாக வந்து கேட்கும் ஒருவர் உங்கள் அணியிலும் இருப்பார். அவருக்கு இந்தப் படம் ஆறுதலாகவும் இருக்கலாம், அரங்கில் எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பதுபோலவும் இருக்கலாம். எப்படி ஆகும் என்பது உங்கள் கந்தோரைப் பொறுத்தது: ஆங்கிலத்தை வைத்து யாரையாவது கேலி செய்யும் பழக்கம் அங்கே இருந்தால் போடாதீர்கள், இல்லையென்றால் இதைவிட நல்ல படம் குறைவு.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதற்குத் தமிழ் வடிவமும் உண்டு, அமிதாப் வரும் சிறு வேடத்தில் அஜித் வருவார். தமிழ் ஆட்கள் அதைத்தான் கேட்பார்கள். கேட்டாலும் ஹிந்தி வடிவத்தை ஆங்கில உபதலைப்போடு போடுவதே நல்லது, ஏனென்றால் அப்போது எல்லோரும் ஒரே அளவு வாசிக்கிறார்கள், ஒரு பாதி சிரித்து முடித்த பிறகு மறு பாதி சிரிக்கும் நிலை வராது. இங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது, ஆங்கில உபதலைப்பை வேகமாக வாசிக்க முடியாதவர்தான் இந்தக் கதைக்கு மிகவும் உரியவர்.

ஹோ கான பொக்குண (2015) என்ற சிங்களப் படத்தை யாரும் முன்மொழிய மாட்டார்கள், ஆனால் பட்டியலில் இருக்க வேண்டியது. இந்திக பெர்டினாண்டோ இயக்கியது. ஒதுக்குப்புறக் கிராமத்துப் பள்ளிக்கூடம், புதிதாக வரும் ஆசிரியை, கடலைக் கண்டிராத பிள்ளைகள், அவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்ற ஆசை, பாட்டுகள், அவ்வளவுதான். யாருடைய மதமும் அரசியலும் உரசப்படுவதில்லை, நம் நாட்டுப் பிள்ளைகள், நம் நாட்டு மண். கடலோரத்தில் வேலை செய்யும் நாம் இதைச் சேர்ந்திருந்து பார்ப்பது அருமையான விஷயம்.

தடை உள்ளடக்கத்தில் இல்லை. கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சிங்களம் சரளம், ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வேலைக்கு வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கும் பொடியனுக்குப் பாதிதான் விளங்கும். உங்களுக்குக் கிடைக்கும் பிரதியில் உபதலைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இருந்தாலும் இது தனியாக ஒருமுறை போடும் படம் ஆகக் கூடாது என்பது என் எண்ணம். இந்த முறை சிங்களம் என்றால் அடுத்த முறை தமிழ் என்று அறிவித்தலிலேயே சேர்த்து எழுதினால்தான், வழமைபோல் நாங்கள்தான் அனுசரிக்க வேண்டும் என்ற மனக்குறை எந்தப் பக்கமும் வராது.

கடைசியாக பேடிங்டன் 2 (2017). பெரு நாட்டிலிருந்து லண்டன் வந்த கரடி, வளர்த்த அத்தைக்குப் பிறந்தநாள் பரிசு வாங்க வேலைக்குப் போகிறது, செய்யாத திருட்டுக்குச் சிறைக்குப் போகிறது. ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். “சின்னப் பிள்ளைகளின் படம்” என்று முதலில் முகம் சுளிப்பார்கள். ஆனால் இதன் பகிடிகளில் முக்கால்வாசி கண்ணால் பார்த்தே விளங்குபவை. முடி வெட்டும் கடையில் நடக்கும் குழப்பத்துக்கோ, சிறைச் சீருடை எல்லாம் ரோஸ் நிறமாகிப் போவதற்கோ உபதலைப்பு தேவையில்லை. மேலே சொன்ன மொழிச் சிக்கல் இங்கே பெருமளவு கரைந்து போகிறது. அதோடு, அயலுக்கு வந்த வேற்றாளைச் சந்தேகத்தோடு பார்க்கும் ஒரு மனிதரும், அவனுக்காக நிற்கும் மற்ற அயலவர்களும் கதையில் உண்டு. இந்த நகரத்தில் பொலிஸ் பதிவுக்காக நின்றவர்களுக்கு அது ஒரு வேறு அர்த்தத்தோடு போய்ச் சேரும், ஆனால் யாரையும் குத்தாமல் போய்ச் சேரும்.

இதிலும் சங்கடமான நிமிடத்தைத் தேடினேன். ஹியூ கிராண்ட் நடிக்கும் வில்லன் கன்னியாஸ்திரி வேடத்தில் தேவாலயத்துக்குள் நுழையும் இடம் ஒன்று இருக்கிறது. கத்தோலிக்க சகா ஒருவரிடம் முன்கூட்டியே காட்டிக் கேட்பது நல்லது, பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போவார்கள். கடைசியில் கரடி தண்ணீருக்குள் அகப்படும் காட்சி கொஞ்சம் மூச்சுத் திணறும், குடும்பங்களோடு பிள்ளைகளும் வந்தால் ஐந்து வயதுக்குக் கீழ் அழக்கூடும்.

ஆக, கலவையான அணிக்கு, குறிப்பாக இதுதான் முதல் மாலை என்றால், நான் பேடிங்டன் 2 போடுவேன். ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்த, பத்துப் பதினைந்து பேர் கொண்ட அணி என்றால் இங்கிலீஷ் விங்கிலீஷ்.

நேரக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. கொழும்பில் மஃரிப் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 5.50க்கும் 6.30க்கும் இடையில் வரும். நாலே காலுக்குப் பேடிங்டனைத் தொடங்கினால் ஆறு மணியளவில் முடியும், தொழுபவர்கள் தொழுதுவிட்டு வர, மற்றவர்கள் கதைத்துக்கொண்டிருக்க, பிறகு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடலாம், பாணந்துறைக்கும் கம்பஹாவுக்கும் போகிறவர்களும் நேரத்தோடு வெளிக்கிடலாம். இங்கிலீஷ் விங்கிலீஷ் என்றால் நடுவில் இடைவேளை விட்டே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் மரக்கறிச் சாப்பாட்டை ஓரமாக இல்லாமல் முதன்மையாக வையுங்கள், நோன்பு மாதத்தில் இப்படி ஒரு மாலையே வேண்டாம்.

தெரிவு செய்யும் முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். எது வேண்டும் என்று கேட்டு வாக்கு எடுத்தால் 25 பேரில் 15 பேர் 3 இடியட்ஸ் என்பார்கள், வேண்டாதவர் வாய் திறக்க மாட்டார். அதற்குப் பதில் நாலு படப் பெயரையும் ஒரு துண்டுத் தாளில் கொடுத்து, மேலாளர் பக்கத்தில் இருக்கும்போது பார்க்க விரும்பாததை மட்டும் பெயர் எழுதாமல் வெட்டச் சொல்லுங்கள். இரண்டு வெட்டு விழுந்தால் அந்தப் படம் இல்லை, காரணமும் கேட்கக் கூடாது. ஐஎம்டிபி தளத்தில் Parents Guide என்ற பகுதியையும் பார்க்கலாம், முத்தம், இரத்தம், கெட்ட வார்த்தை எல்லாம் அங்கே பிரித்துப் போட்டிருக்கும். ஆனால் பகிடிவதையைப் பார்த்து நம் ஆள் ஒருவர் இறுகிப் போவார் என்பதை அங்கே யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதற்கு இரண்டு வெவ்வேறு பின்னணி உள்ள சகாக்கள் படத்தை முழுதாக ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

கூட்ட அறையில் புரொஜெக்டரைப் போட்டு யாரோ ஒருவரின் நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு: அந்தக் கணக்கு சொந்தப் பாவனைக்கு மட்டும், கந்தோர்க் கூட்டத்துக்கு அல்ல. திரையரங்கு ஒன்றில் சின்ன அரங்கைத் தனியாகப் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள், நீங்கள் சொல்லும் பழைய படத்தை அவர்கள் போட முடியுமா, உரிமையை யார் எடுப்பது என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள், முடியாது என்றால் வெட்டு விழாத அடுத்த படத்தின் பெயரைச் சொல்லலாம்.