தரை எப்படி இருக்கும்: போட்டோ ஆப்பா, ஸ்கெட்ச்அப்பா?

12க்கு 10 அடி அறை. 2 அடி சதுர டைல்ஸா, மரம் மாதிரி லேமினேட்டா என்று முடிவு செய்ய, அறையின் போட்டோவில் புதுத் தரையைப் பொருத்திக் காட்டும் ஆப், அறையை 3Dயில் வரையும் ஸ்கெட்ச்அப் என்று இரண்டு வழியிலும் பார்த்தேன்.

போட்டோ ஆப்பில் நிறம் நொடியில் தெரிந்துவிடும், ஜன்னல் வெளிச்சம்கூட உண்மையாக விழும். ஆனால் அளவு ஆப்பின் ஊகம்தான். 12 அடி சுவரோரம் டைல்ஸை எண்ணுங்கள், 6 வர வேண்டும். எனக்கு 9 வந்தது. லேமினேட்டில் பலகைக் கோடுகள் சுவரோரக் கோட்டோடு தூரத்தில் ஒரே புள்ளியில் சேராமல் கோணலாக ஓடின.

ஸ்கெட்ச்அப்பில் அறையை வரையவே ஒரு மணி நேரம் போகும், சரி, ஆனால் அளவை நாமே கொடுக்கிறோம். 8 அங்குலப் பலகை, 10 அடிக்குக் குறுக்கே 15 வரிசை, எண்ணினால் சரியாக இருந்தது. திசையை மாற்ற, தரையில் வலது கிளிக் செய்து Texture > Position போய்ச் சுழற்றினால் போதும்.

அங்கேயும் ஒரு சிக்கல்: தரைமேல் ஒட்டும் மரப் படத்தில் 6 பலகைதான் இருந்தால், 4 அடிக்கு ஒருமுறை அதே மரக்கணு திரும்ப வந்து தரை அச்சடித்த காகிதம் போலாகிவிடும், அதனால் 15 பலகைக்குக் குறையாத படமாகத் தேடுங்கள்.

நிறத்துக்கு ஆப், பலகைத் திசைக்கு ஸ்கெட்ச்அப் என்றுதான் நான் முடிவெடுத்தேன்.