தோல் துணுக்குப் பரிசோதனை: அரை மணி நேரமா, 24 மணி நேரமா?

ஆற்றுக் குருட்டு நோய் எனப்படும் ஆன்கோசெர்சியாசிஸ் என்ற புழு நோய் இருக்கிறதா என்று பார்க்க, தோலில் சிறு துணுக்கு எடுத்துத் திரவத்தில் போட்டு, வெளியே நீந்தி வரும் மைக்ரோஃபைலேரியாக்களை, அதாவது அந்தப் புழுவின் நுண்ணிய குஞ்சுகளை, எண்ணுகிறோம். எங்கே எடுப்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற இரண்டு முடிவுகளில்தான் விடை மாறுகிறது.

முதலில் இடம். ஆப்பிரிக்காவில் புழுக்கட்டிகள் பெரும்பாலும் இடுப்பைச் சுற்றி இருப்பதால், இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இரு பக்கமும் ஒவ்வொரு துணுக்கு எடுப்பது வழக்கம். குவாத்தமாலாவில் கட்டிகள் தலையிலும் உடலின் மேல்பாதியிலும் அதிகம் இருந்ததால், தோள்பட்டையில் எடுத்தார்கள். ஏமனில் நோய் காலில்தான் கடுமையாகத் தெரியும். அங்கே கெண்டைக்கால் பொருத்தமான இடம். இடத்தை மாற்றி எடுத்தால், நோய் உள்ளவருக்கும் பூஜ்யம் வந்துவிடலாம்.

துணுக்கு எடுக்க இரண்டு வழிகள் உண்டு: ஊசி நுனியால் தோலைத் தூக்கி பிளேடால் சீவுவது, அல்லது கண் அறுவையில் பயன்படும் பஞ்ச் கருவியால் கிள்ளுவது. எனக்குப் பஞ்ச்தான் மேல், ஏனென்றால் துணுக்கின் அளவு ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். ஆனால் ஒருவருக்குப் பயன்படுத்தியதைக் கிருமி நீக்காமல் அடுத்தவரிடம் கொண்டு போகவே கூடாது. எந்த வழியானாலும் ரத்தம் கசியாத அளவுக்கு மேலோட்டமாக எடுக்க வேண்டும். ரத்தம் கலந்தால், ரத்தத்தில் இருக்கும் லோவா லோவா போன்ற வேறு புழுக்களின் குஞ்சுகளும் திரவத்துக்குள் வந்து எண்ணிக்கையைக் குழப்பும்.

இனி நேரம். சிறு குழிகள் கொண்ட சோதனைத் தட்டின் ஒரு குழியில் சுமார் 0.1 மி.லி. சலைன் விட்டு, துணுக்கு முழுவதும் மூழ்கும்படி போடுங்கள். அரை மணியில் பார்ப்பதன் லாபம் வேகம். புழுச்சுமை அதிகமுள்ள ஊரில் அதுவே போதும். சிகிச்சை நடந்து சுமை குறைந்த ஊரில் போதாது.

ஒரு கற்பனைக் கணக்கு: அரை மணியில் வலது துணுக்கில் 4, இடதில் 0, சராசரி 2. அதே தட்டை 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் மொத்தம் வலதில் 11, இடதில் 2, சராசரி 6.5. இடது பக்கம் மட்டும் எடுத்து அரை மணியில் முடித்திருந்தால், இவரை நோயற்றவர் என்று எழுதியிருப்போம்.

அதனால் அரை மணியில் பூஜ்யம் வந்த துணுக்கைத் தூக்கிப் போடாதீர்கள். மறுநாள் பார்க்கச் சலைனிலேயே விடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் அவ்வளவு நேரம் அவை தாங்காது. தட்டை டேப்பால் மூடாவிட்டால் குழி வற்றி உப்புப் படிகம் தெரியும். அப்படியான குழியில் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை, புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் ஒரு வரம்பு: தொற்று ஏற்பட்டு ஓராண்டுக்கு மேல் ஆன பிறகுதான் பொதுவாகத் தோலில் மைக்ரோஃபைலேரியா தென்படும். அதற்கு முன் 24 மணி நேரம் காத்திருந்தாலும் எதுவும் வராது.