கிம்ப்பில் பழைய குடும்பப் படத்தை மீட்டெடுப்பது: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

"வீட்டுல பழைய போட்டோ நாலஞ்சு மங்கிப்போய்க் கிடக்குடா. மாசாமாசம் பணம் கட்டி போட்டோஷாப் வாங்கணுமா, நீ வெச்சிருக்கிற கிம்ப்பே போதுமா?" என்று பள்ளித் தோழன் ஒருவன் கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன். கிம்ப் 2.10 வந்த நாளிலிருந்து இந்த வேலைக்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன். இப்போது 3.0. அது இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும் என்பதெல்லாம் தெரிந்த கதை. அண்மையில் முடித்த ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன்.

படம் எழுபதுகளின் கடைசியில் அத்தையின் கல்யாணத்தன்று எடுத்தது. அஞ்சலட்டையைவிடச் சற்றுச் சிறிய கலர் பிரிண்ட். அந்தக் காலத்தில் பிரபலமாயிருந்த, தேன்கூடு போலச் சின்னச் சின்ன மேடுகள் உள்ள தாள். ஆல்பத்துக்குள் இருந்தும் படம் முழுக்கச் செம்மண் நிறம். நடுவில் யாரோ மடித்த தடம் ஒன்று, பின்னணித் திரையில் தொடங்கிப் பாட்டியின் தலைமுடி வழியாக இறங்கிக் கன்னத்தைக் கடந்து போகிறது. கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள்.

முதலில் ஸ்கேன். ஊரில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து வாங்கிய ஸ்கேன் எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. அதைத் தொடவே முடியவில்லை. எந்திரமே "அழகாக்கி" ஜேபெக்காகக் கொடுத்திருந்தது. வேட்டிகள் எல்லாம் மடிப்பே தெரியாத வெள்ளைத் திட்டுகள். அப்படி வெளுத்துப்போன இடத்தில் மீட்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது. அசல் பிரிண்ட் கையில் இருந்தால் எந்தத் திருத்தத்தையும் விட மறு ஸ்கேன்தான் பெரிய திருத்தம். ஸ்கேனரில் உள்ள தானியங்கித் திருத்தங்கள் அத்தனையையும் அணைத்துவிட்டு, 600 டிபிஐ, 48 பிட் கலர், டிஃப் கோப்பு. இந்த அளவு பிரிண்ட்டுக்கு அதற்கு மேல் போனால் முகத்தில் புதிதாக ஒன்றும் தெரியாது, தாளின் மேடுதான் பெரிதாகத் தெரியும்.

இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய சந்தோஷம் அடுத்த படியில் இருக்கிறது. படத்தை ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு, கண்ணாடி மேலேயே அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை செய்ய வேண்டும். ஸ்கேனரின் விளக்கு எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து சாய்வாக விழுகிறது. அதனால் தாளில் உள்ள ஒவ்வொரு மேடும் ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் நிழல் விழும். மடிப்பும் அப்படியே: பக்கத்தில் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு, ஒரு கறுப்புக் கோடு. தலைகீழாக வைத்தால் பளபளப்பும் நிழலும் இடம் மாறிவிடும், படத்தில் உள்ள மனிதர்கள் மாறமாட்டார்கள்.

கிம்ப்பில் இரண்டு கோப்புகளையும் File > Open as Layers மூலம் ஒன்றின் மேல் ஒன்றாகத் திறந்து, மேலே உள்ளதை 180 டிகிரி திருப்பிவிட்டு, அதன் மோடை Difference ஆக்குங்கள். இரண்டும் சரியாகப் பொருந்தும் இடம் கறுப்பாகும், பொருந்தாத இடத்தில் முகங்களின் ஓரம் கோட்டுச் சித்திரம் போல ஒளிரும். அம்புக்குறி விசையால் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தி, மூலைகளில் கொஞ்சம் விலகினால் Unified Transform கருவியால் இழுத்து, திரை கிட்டத்தட்ட முழுக் கறுப்பாகும் வரை பொருத்த வேண்டும். பிறகு மோடை Normal, Opacity 50. இரண்டின் சராசரி வரும். மடிப்பின் வெள்ளையும் கறுப்பும் ஒன்றையொன்று தின்றுவிட, தாள் நிஜமாகவே வெடித்த இடத்தில் மட்டும் வெள்ளை இழை மிஞ்சும். கறுத்த முடியில் இன்னும் புள்ளிப் புள்ளியாக மினுக்கினால் Opacity-ஐ மறுபடி 100 ஆக்கி Darken only மோடைப் போட்டுப் பாருங்கள், அது இரண்டில் கறுத்த பிக்சலை எடுத்துக்கொள்ளும். பிளர் எதுவும் கொடுக்காமல் தேன்கூடு அடங்கியது. பாட்டியின் மூக்குத்தி தனியாகத் தெரிந்தது. அதுவரை அதுவும் தாளின் மினுக்கல்களில் ஒன்றாகக் கலந்து கிடந்தது.

இரண்டு லேயர்களையும் ஒன்றாக்கிவிட்டால், அடுத்து நிறம். இந்த வகைப் பழைய கலர் பிரிண்ட்டில் மூன்று சாயங்கள் உண்டு. வெளிச்சம் படாமல் ஆல்பத்தில் இருந்தாலும் சயான் சாயம் மற்றவற்றைவிட வேகமாக அழிந்துபோகும். சிவப்பு ஒளியை மறித்து நிற்பது அந்தச் சாயம்தான். அது போனதால்தான் படம் சிவக்கிறது. Colors > Levels திறந்து சிவப்புச் சானலைத் தேர்ந்தால் இது கண்ணெதிரே தெரியும். என் படத்தில் வரைபடம் இடது பாதியில் காலியாகக் கிடந்தது, பாதிக்குப் பிறகுதான் மேடு தொடங்கியது. இடது முக்கோணத்தை அந்த மேட்டின் அடிவாரத்துக்கு நகர்த்தினேன். முடி கறுப்பானது. பச்சை, நீலச் சானல்களிலும் இதையே செய்ய வேண்டும், ஆனால் அவற்றில் கொஞ்சம் நகர்த்தினால் போதும். வலது முக்கோணத்துக்கு வேட்டியை அளவுகோலாக வைத்தேன். வேட்டி வெள்ளையாக வேண்டும், மடிப்பு மறையும் அளவுக்கு வெளுக்கக் கூடாது.

48 பிட் ஏன் என்பது இங்கேதான் புரியும். பாதி அகலத்தில் நெருங்கிக் கிடந்த நிறப்படிகளை முழு அகலத்துக்கு இழுக்கிறோம். சாதாரண 8 பிட் ஜேபெக்கில் 256 படிகளில் பாதிதான் இருக்கும், இழுத்ததும் இடைவெளி விழுந்து கன்னத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். 48 பிட் என்றால் ஒவ்வொரு சானலுக்கும் 16 பிட், அதில் அந்தக் கவலை இல்லை.

எல்லாம் திரும்பாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மண் நிறமாக இருந்த பாட்டியின் புடவையில் பச்சை வந்தது. அது மயில்கழுத்து நிறம் என்கிறார் அத்தை. அந்த நீல மினுக்கு வரவில்லை. அதைத் தாங்கிய சாயமே தாளில் இல்லாதபோது Levels எங்கிருந்து கொண்டுவரும்? அத்தை சொன்னதை வைத்துப் பூசியிருக்கலாம். நான் பூசவில்லை.

நிறத்தை முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகுதான் கீறலுக்கு வர வேண்டும். மங்கிய படத்தில் ஒட்டுப்போட்டால் அப்போது தெரியாத ஒட்டு, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டியதும் திட்டாகத் தெரியும். 3.0-இல் Levels ஒரு எஃபெக்ட்டாக லேயரிலேயே தங்கிவிடுகிறது. அடியில் ஒட்டுவேலை செய்துகொண்டே மேலே நிறத்தை எப்போது வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். 2.10-இல் OK கொடுத்தால் கொடுத்ததுதான். இந்த ஒன்றுக்காகவே புதிய பதிப்புக்கு மாறலாம்.

இவ்வளவு மெச்சிவிட்டேன். இனி என் எரிச்சலின் பெயர் Heal.

இந்தக் கருவி செய்வது இதுதான்: Ctrl அழுத்திக் காட்டிய இடத்திலிருந்து தோலின் சொரசொரப்பை எடுக்கும், ஒட்டும் இடத்தைச் சுற்றியுள்ள நிறத்துக்கு அதைப் பொருத்தும். திரைச்சீலையிலும் தரையிலும் அற்புதம். நீளக் கீறலுக்கு ஒரு முனையில் கிளிக், மறுமுனையில் Shift அழுத்திக் கிளிக், கீறல் முழுதும் போய்விடும். ஆனால் முடியும் கன்னமும் சேரும் எல்லையில் பிரஷ் பட்டால், "சுற்றியுள்ள நிறம்" என்று முடியின் கறுப்பையும் சேர்த்தே கணக்கிடுகிறது. கன்னத்தில் அடிபட்டுக் கன்றியது போல ஒரு கருநீலக் கறை பரவும். போட்டோஷாப்பின் ஹீலிங் பிரஷ்ஷில் இந்தப் பரவலைக் கூட்டிக் குறைக்க Diffusion என்றொரு ஸ்லைடராவது இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை. குடும்பப் படத்தில் மடிப்பு விழுவதே முகத்துக்கு மேலேதான், அங்கேதான் இந்தக் கருவி கையை விரிக்கிறது. ஒவ்வொரு படத்திலும் இதே இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது.

வழி இருக்கிறது, பொறுமை வேண்டும். எல்லையில் Heal-ஐ விட்டுவிட்டு Clone எடுங்கள். எட்டுப் பத்து பிக்சல் அளவில் ஓரம் அழுத்தமான பிரஷ். அதே முடியோரத்தில் மடிப்புக்குச் சற்று மேலே மூல இடத்தைக் காட்டி, எல்லைக்கோட்டை மட்டும் குறுகலாக மீண்டும் கட்டுங்கள். மடிப்பு இப்போது முடிப் பக்கம் ஒரு துண்டு, கன்னப் பக்கம் ஒரு துண்டு என்று பிரிந்துவிடும். அதன் பிறகு அந்த எல்லையைத் தொடாமல் உள்ளே மட்டும் Heal. மூல இடம் அதே கன்னத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், அடிக்கடி மாற்றவும் வேண்டும். திரைச்சீலையிலிருந்து எடுத்தால் கன்னம் பிளாஸ்டிக் ஆகிவிடும். ஒரே இடத்திலிருந்து எடுத்தால் ஒரே மச்சம் வரிசையாக முளைக்கும். முடித்ததும் Channels பலகத்தில் நீலச் சானலை மட்டும் வைத்துப் பாருங்கள். கலரில் ஏமாற்றிய ஒட்டெல்லாம் அங்கே பல்லைக் காட்டும்.

மடிப்பு இமையோரத்தை லேசாகத் தொட்டிருந்தது. மறு கண்ணை நகலெடுத்துத் திருப்பி ஒட்டச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. செய்யாதீர்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் விழுந்திருக்கும், யாருக்கும் இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருப்பதுமில்லை. பார்க்கிற பேத்திக்கு என்ன மாறியது என்று சொல்லத் தெரியாது, ஆனால் பாட்டி வேறு யாரோ போலத் தெரிவாள். நான் அந்த இழையை மெலிதாக்கிவிட்டு அப்படியே விட்டேன்.

சரி, நண்பனுக்குப் பதில். பணம் கட்டாதே, ஸ்கேன்களைப் பொருத்தவும் நிறத்துக்கும் திரைச்சீலைக் கீறலுக்கும் கிம்ப் தாராளமாகப் போதும் என்றுதான் இவ்வளவு நேரமும் சொன்னேன். ஆனால் நீ அனுப்பிய நாலு படத்தில் மூன்றில் மடிப்பு முகத்தின் மேல் இருக்கிறது. இந்த மனநிலையில் உன்னை அந்த Heal-இடம் அனுப்ப எனக்கு மனசில்லை. இரண்டு திசையிலும் ஸ்கேன் செய்து, பொருத்தி, நிறம் வரை நீயே முடித்துவிடு. அந்த மூன்று முகங்களை மட்டும் கையால் ரீடச் செய்கிற ஆளிடம் 16 பிட் டிஃப்பாகவே கொடு. கண்ணைத் தொடக் கூடாது என்று எழுதியும் கொடு. நாலாவது படத்தை என்னிடம் அனுப்பு, அதில் மடிப்பு சுவரில்தான் விழுந்திருக்கிறது.